ராயபுரத்து மொட்டை மாடி: சுவரும் ஜன்னலும் இருந்தபடி இருக்க ஒரு தோட்ட மாற்றம்

ராயபுரத்தில் என் அக்காவின் வீட்டு முதல் மாடியில், தெற்கு ஓரமாக ஓர் அறையும் அதற்கு வடக்கே திறந்த மொட்டை மாடியும் உள்ளன. மாடி கிழக்கு மேற்காக 18 அடி, தெற்கு வடக்காக 13½ அடி. அறையின் சுவரில் ஒரு கதவும் அதன் இருபுறமும் இரண்டு பழைய மர ஜன்னல்களும் மாடியைப் பார்த்தபடி இருக்கின்றன. மற்ற மூன்று பக்கமும் மூன்றடி உயரக் கைப்பிடிச் சுவர். சுவரை இடிப்பதோ ஜன்னலை மாற்றுவதோ கூடாது, தரையும் செடிகளும் தொட்டிகளும் மட்டும் மாறலாம் என்பதே அக்காவின் நிபந்தனை. எனவே ஒரு புகைப்படத்தை அடிப்படையாக வைத்து முழு மாற்றத்தையும் தாளில் முடித்துவிட்டு, அதன் பிறகே மேஸ்திரியையும் நர்சரிக்காரரையும் அழைப்பது என்று தீர்மானித்தேன்.

அளவு நாடாவைக் காட்டிலும் இந்த வேலைக்கு உதவியது தரையில் பதித்திருந்த தட்டோடுதான். சென்னையின் பழைய மாடிகளில் வெயிலுக்கும் மழைக்குமாகப் பதிக்கப்படும் இந்தச் சுட்ட மண் ஓடு பெரும்பாலும் ஒன்பது அங்குலச் சதுரமாக இருப்பதால், நான்கு ஓடு சேர்ந்தால் மூன்றடி என்று கணக்கிட்டுக்கொள்ளலாம். அக்காவின் மாடியில் கிழக்கு மேற்காக 24 ஓடுகளும், அறைச் சுவரிலிருந்து வடக்கே 18 வரிசைகளும் இருந்தன. புகைப்படத்தில் சுவரும் ஜன்னலும் எவ்வளவு பெரியதாகவோ சிறியதாகவோ தெரிந்தாலும், அவற்றின் கீழே ஓடுகளை எண்ணினால் உண்மையான அளவு கிடைத்துவிடும். கிழக்கிலிருந்து எண்ணும்போது முதல் ஜன்னல் 5 முதல் 8ஆம் ஓடு வரையிலும், கதவு 12 முதல் 15 வரையிலும், இரண்டாம் ஜன்னல் 18 முதல் 21 வரையிலும் அமைந்திருந்தன.

படம் எடுக்கும் முறையில் சிறிது கவனம் வேண்டும். வடக்குக் கைப்பிடிச் சுவரின் மேல் ஒன்றரை அடி உயரப் பெட்டி ஒன்றை வைத்து, அதன் மீது கைபேசியை அறைச் சுவருக்கு நேர் எதிராக, முன்னும் பின்னும் சாயாமல் நிறுத்தினேன். கைபேசியைக் கீழ்நோக்கிச் சாய்த்தால் தரை அதிகமாகத் தெரியும் என்பது உண்மைதான். ஆனால் சாய்த்தவுடன் சுவரின் நேர்க்கோடுகள் கீழே குவிந்துவிடும், அதன்பின் ஜன்னலின் உயரத்தை நம்ப முடியாது. 0.5 என்று காட்டும் அகல லென்ஸும் ஓரங்களை இழுத்துவிடுவதால், 1x லென்ஸையே பயன்படுத்தினேன். இப்படி எடுத்த படத்தில் அறைச் சுவரை ஒட்டிய ஆறு வரிசை ஓடுகள் மட்டுமே தெரிந்தன. ஆகவே அறைச் சுவரருகே அதே உயரத்தில் கைபேசியை வைத்து வடக்கு நோக்கி இன்னொரு படமும் எடுத்தேன். நடுவில் உள்ள ஆறு வரிசைகள் எந்தப் படத்திலும் விழவில்லை. அந்த இடம் துணி காயப்போடுவதற்கும் நடமாடுவதற்கும் வெறுமையாக இருக்கவேண்டியது என்பதால் அது ஒரு குறையாகவில்லை.

கைபேசி சாயாமல் நின்றதால் கிடைத்த பெரிய வசதி ஒன்று உண்டு. தரையிலிருந்து லென்ஸ் நாலரை அடி உயரத்தில் இருந்தது. மட்டமாக எடுத்த படத்தின் சரிபாதியில் ஒரு கிடைக்கோடு இழுத்தால், மாடியில் எந்த இடத்தில் நிற்கும் பொருளாக இருந்தாலும் அதன் நாலரை அடி உயரம் அந்தக் கோட்டைத் தொடும். அருகில் உள்ள செடிக்கும் தொலைவில் உள்ள செடிக்கும் இது ஒன்றுபோலப் பொருந்தும். அகலத்துக்கும் இதே போன்ற ஒரு சோதனை இருக்கிறது: 15 அங்குலத் தொட்டியின் வாய் எந்த வரிசையில் வரையப்படுகிறதோ, அந்த வரிசையின் ஓடுகளில் ஏறக்குறைய ஒன்றே முக்கால் ஓட்டை மட்டுமே மறைக்கவேண்டும். கண் மதிப்பில் வரைபவர்கள் தொலைவில் உள்ள தொட்டியைப் பெரிதாகவே வரைவார்கள். தாளில் நிறைவாகத் தெரிந்த தோட்டம் மாடியில் வைத்தபின் வெறிச்சென்று தோன்றுவதற்கு அதுதான் காரணம்.

படங்களை வெளிறிய கறுப்பு வெள்ளையில் அச்சிட்டு, மேலே டிரேசிங் தாளை ஒட்டினேன். சுவர், கதவு, இரண்டு ஜன்னல்கள், கைப்பிடிச் சுவர், வடமேற்கு மூலையில் உள்ள மழைநீர்க் குழாய் வாய் ஆகியவற்றை மையால் வரைந்தேன். நான்கு ஓட்டுக்கு ஒரு கோடாகத் தரைக்கட்டத்தையும், பின்னர் வரவிருக்கும் எல்லாவற்றையும் பென்சிலால் போட்டேன். மையால் வரைந்தது அசையாதது, பென்சிலால் வரைந்தது அழிக்கத்தக்கது என்பது வேலை முடியும் வரை கைவிடாத விதி.

இந்த விதியோடு படம் காட்டாத ஒன்றையும் மையிலேயே சேர்க்கவேண்டியிருந்தது. படத்தில் ஜன்னல்கள் மூடியிருந்தன. ஆனால் பழைய மர ஜன்னலின் கதவுகள் வெளிப்பக்கமாகத் திறப்பவை. மூன்றடி அகல ஜன்னலுக்கு ஒன்றரை அடியில் இரண்டு கதவுகள். அவை திறக்கும்போது இரண்டு வரிசை ஓடுகளின் மேல் வீசி, முழுவதும் திறந்து சுவரோடு படியும்போது இருபுறமும் இரண்டிரண்டு ஓட்டு அகலத்தை மூடிக்கொள்கின்றன. இதைத் தாளில் குறித்தபோது, கதவுக்கும் முதல் ஜன்னலுக்கும் இடையே மூன்று ஓட்டு அகலத்துக்கு வெறுமையாகத் தெரிந்த சுவரில் உண்மையில் மிஞ்சுவது 11ஆம் ஓட்டின் அகலம் மட்டுமே என்று தெரிந்தது. கொடி ஏற்றக் கம்பிவலை அடிப்பதற்கு மிகவும் பொருத்தமாகத் தோன்றும் இடம் அது. அங்கே கொடி ஏற்றியிருந்தால் ஜன்னல் பாதிதான் திறந்திருக்கும். ஆகவே அறைச் சுவரில் கொடி எதுவும் இல்லை என்று முடிவாயிற்று. ஜன்னலின் அடிச்சட்டம் தரையிலிருந்து மூன்றடி உயரத்தில் இருந்ததால், அதற்குக் கீழே அடங்கும் புதர்ச்செடிக்கு மட்டும் இடம் இருந்தது.

அடுத்து வெயில். ஜூன் மாதத்தில் எடுத்த படம் மாடி முழுவதும் வெயில் நிறைந்ததாகக் காட்டியது. அந்தப் படத்தை நம்பிச் செடிகளை வைத்தால் மார்கழியில் பாதிச் செடிகள் நிழலில் நிற்கும். சென்னை பூமத்திய ரேகைக்கு 13 பாகை வடக்கே உள்ளது. ஆண்டில் ஏப்ரல் இறுதியிலும் ஆகஸ்டு நடுவிலும் நண்பகல் சூரியன் தலைக்கு நேர் மேலே வருகிறது. அவ்விரண்டுக்கும் இடைப்பட்ட மாதங்களில் அது வடக்கே சாய்ந்திருக்கும், மற்ற மாதங்களில் தெற்கே. ஜூன் இறுதியில் நண்பகல் வெயில் வடக்கிலிருந்து ஏறக்குறைய 80 பாகை உயரத்தில் விழுவதால், அறையின் வடக்குச் சுவருக்கே நேராக வெயில் படுகிறது. டிசம்பர் இறுதியில் அது தெற்கே 53½ பாகை உயரத்துக்கு இறங்கிவிடுகிறது. அறை பத்தடி உயரம். அப்போது அதன் நிழல் நண்பகலில் வடக்கே ஏறக்குறைய ஏழரை அடி, அதாவது பத்து வரிசை ஓடுகள் வரை நீளும். அந்தப் பருவத்தில் அந்த நிழல் வடக்கே மிகக் குறைவாக நீளும் நேரமும் நண்பகல்தான். காலையிலும் மாலையிலும் இன்னும் தொலைவுக்குப் போகும். ஆகவே பத்தாம் வரிசையில் ஒரு கோடிட்டு, அதற்குத் தெற்கே கோடைச் செடி, வடக்கே ஆண்டு முழுவதும் வெயில் வேண்டும் செடி என்று பிரித்துக்கொண்டேன்.

இந்தக் கோடே செடிகளைத் தேர்ந்து தந்தது. குண்டுமல்லி கோடையில் பூப்பது. நவம்பர் இறுதியில் அதைத் தரையிலிருந்து ஒன்றரை அடி அளவுக்கு வெட்டிவிடும் வழக்கம் உண்டு. அறைச் சுவரடி நிழலில் கிடக்கும் காலமும் மல்லிகை பூக்காமல் ஓய்ந்திருக்கும் காலமும் ஒன்றாகவே அமைகின்றன. ஏப்ரலில் வெயில் சுவரடிக்கு வந்து சேரும்போது செடியும் மொட்டு விடும். ஓரடி உயரத் தொட்டியில் ஒன்றரை அடிப் புதர் என்றால் மொத்தம் இரண்டரை அடி. ஆகவே ஜன்னல் கதவுகள் இடிக்காது, பூக்கும் நாட்களில் மணமும் அறைக்குள் வரும். ஒவ்வொரு ஜன்னலின் கீழும் 12 அங்குல மண் தொட்டியில் இரண்டு மல்லிகை என நான்கை வரைந்தேன். ரோஜா, தக்காளி, கத்தரி, கீரை ஆகியவை நிழற்கோட்டுக்கு வடக்கே, வடக்குக் கைப்பிடிச் சுவரோரம் போயின. அந்தச் சுவர் தெற்கு வெயிலை மறைப்பதில்லை.

கிழக்குப் பக்கம் வேறு ஒரு சிக்கல். காசிமேட்டுக் கடல் அந்தத் திசையில்தான். பிற்பகலில் எழும் கடற்காற்றில் உப்பு கலந்திருப்பதால், மெல்லிய இலைகளின் ஓரம் பழுப்பாகிக் கருகும். நீர் போதாமல் கருகுவதற்கும் உப்பால் கருகுவதற்கும் வேறுபாடு காண்பது எளிது. நீர் போதாத செடி முழுவதுமாகத் துவண்டு தொங்கும். உப்புக் காற்று பட்ட செடியில் கடலைப் பார்த்த பக்கத்து இலைகள் மட்டுமே கருகியிருக்கும், மறுபக்கம் பச்சையாகவே இருக்கும். அக்காவிடம் முன்பே இருந்த செம்பருத்தியில் இந்த ஒருபக்கக் கருகல் தெளிவாக இருந்தது. எனவே கிழக்குக் கைப்பிடிச் சுவரோரம், வெயில் படும் 12ஆம் வரிசையிலும் 16ஆம் வரிசையிலும் காகிதப்பூச் செடிகள் இரண்டை 15 அங்குலத் தொட்டிகளில் வைக்கத் தீர்மானித்தேன். அது உப்பைத் தாங்கும். அதன் கிளைகளுக்கிடையே காற்று வடிகட்டப்பட்டு வேகம் குறைந்து உள்ளே வரும். அடைத்து நிறுத்தும் தட்டியாக இருந்தால் காற்று மேலேறிச் சுழன்று பின்னால் உள்ள செடிகளின் மீதே விழும். காகிதப்பூவின் உயரத்துக்கு எல்லையாக அந்த நாலரை அடிக் கிடைக்கோட்டையே வைத்தேன். தென்கிழக்கு மூலையில் குளிர்காலத்தில் நிழலும் காற்றும் சேர்ந்தே இருக்கும் என்பதால் அங்கே பாம்புச் செடியும் சோற்றுக் கற்றாழையும். அரளியும் உப்பைத் தாங்கும்தான், ஆனால் அதன் எல்லாப் பாகங்களும் நச்சு. மாடியில் குழந்தைகள் விளையாடுவதால் அதை நான் எடுத்துக்கொள்ளவில்லை.

தரை விஷயத்தில்தான் நீண்ட பேச்சு நடந்தது. தாளைப் பார்த்த மேஸ்திரி, “மொத்தமா பேவர் பிளாக் போட்டுரலாம்மா, பார்க்க பார்க் மாதிரி இருக்கும்” என்றார். அக்காவுக்கும் ஆசைதான். ஆனால் 60 மில்லிமீட்டர் கனமுள்ள கான்கிரீட் பேவர் பிளாக் சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 140 கிலோ எடை கொண்டது. ஆட்கள் ஏறிப் புழங்கும் மாடித் தளத்துக்கு ஐ.எஸ். 875 தரநிலை வடிவமைப்புப் பளுவாகக் கொள்ளும் அளவு சதுர மீட்டருக்கு 1.5 கிலோ நியூட்டன், அதாவது ஏறத்தாழ 150 கிலோ. தரைக்கே அதைச் செலவழித்துவிட்டால் மனிதருக்கும் தொட்டிக்கும் மிஞ்சுவது ஒன்றுமில்லை. இந்த மாடிக்கு மொத்தமாகக் கணக்கிட்டால் பேவர் பிளாக் மட்டும் மூன்று டன்னுக்கு மேல் வரும். ஈரமண்ணோடு சேர்த்து நான் திட்டமிட்ட தொட்டிகள் எல்லாம் அரை டன்னைத் தொடவில்லை. செடியின் எடையைப் பற்றிக் கவலைப்படுகிறவர்கள் தரைக்கல்லின் எடையைக் கேட்பதே இல்லை. இதுவும் கான்கிரீட் தளத்துக்கான கணக்குதான். வடசென்னையில் இன்னும் பல வீடுகளில் உள்ள தேக்கு உத்திரமும் செங்கல்லும் சுண்ணாம்புமான மெட்ராஸ் டெரஸ் தளமாக இருந்தால், கட்டடப் பொறியாளர் பார்க்காமல் ஒரு வரிசைத் தொட்டிகூட ஏற்றக்கூடாது.

எடைக்கு அப்பால் இன்னொரு தடையும் இருந்தது. அறையின் வாசற்படி மாடித் தரையிலிருந்து இரண்டு அங்குலம் மட்டுமே உயரம். 60 மில்லிமீட்டர் என்பது இரண்டே கால் அங்குலத்துக்கும் மேல். சுவரும் கதவும் அப்படியே இருக்கவேண்டும் என்றால் வாசற்படியின் உயரமும் அப்படியே இருக்கும். தரை படியைத் தாண்டிவிட்டால் ஐப்பசி மழை அறைக்குள்ளேயே வந்துவிடும். கடப்பாக்கல் மெல்லியது என்றாலும், கறுப்புக் கல் வெயிலில் கால் வைக்க முடியாதபடி சூடேறும்.

ஆகவே தரையின் மட்டத்தை ஒரு நூல்கூட உயர்த்தாமல் புதுமை செய்யவேண்டியிருந்தது. கதவுக்கு நேராக 12 முதல் 15 வரையுள்ள நான்கு ஓட்டு அகலத்தில், மூன்றாம் வரிசையிலிருந்து 14ஆம் வரிசை வரை, பழைய கறுத்த ஓடுகளை மட்டும் பெயர்த்து அதே அளவும் கனமும் கொண்ட புதிய செந்நிற ஓடுகளைப் பதித்தோம். மூன்றடி அகலப் பாதை தனியே தெரிகிறது, எடையும் உயரமும் மாறவில்லை. பெயர்க்கும்போது உளியை ஓட்டின் இணைப்பில் மட்டும் சாய்வாக வைத்துத் தட்டவேண்டும். நேராக அடித்தால் கீழே உள்ள சுண்ணாம்பு ஜல்லிப் படுகை விரிசல் விடும். மற்ற பகுதியில் இணைப்புகளை அரை அங்குல ஆழத்துக்குச் சுரண்டி, நீர்ப்புகாக் கலவை சேர்த்த சிமெண்டால் அடைத்தார் மேஸ்திரி. பாதை வடக்கு நோக்கி, தரையின் வாட்டத்தோடு ஒரே திசையில் ஓடுவதால் மழைநீர் தடைப்படவில்லை.

கலவை இறுகியபின் வடமேற்குக் குழாய் வாயைத் துணிமூட்டையால் அடைத்து, வாட்டத்தின் தாழ்ந்த பக்கத்தில் இரண்டு அங்குலத்துக்கு நீர் தேக்கி ஒரு நாள் முழுவதும் விட்டோம். கீழ்வீட்டுக் கூரையில் ஈரத் திட்டு தெரிகிறதா என்று பார்க்கும் இந்தச் சோதனையைத் தொட்டிகள் ஏறுவதற்கு முன்பே செய்யவேண்டும். தொட்டிகள் வந்தபின் கசிவு தெரிந்தால், அது எந்தத் தொட்டிக்கு அடியில் தொடங்குகிறது என்பதைக் கண்டுபிடிப்பது பெரும்பாடு.

நர்சரிக்காரருக்கும் மேஸ்திரிக்கும் கொடுத்த தாளில் படத்தோடு ஒரு விவரிப்பும் இருந்தது. படத்தை ஒவ்வொருவரும் தமக்குத் தோன்றியபடி படிப்பார்கள், ஓட்டின் எண்ணை அப்படிப் படிக்க முடியாது. விவரிப்பு இப்படி அமைந்தது: “அறைச் சுவர், கதவு, இரண்டு ஜன்னல்கள், மூன்று கைப்பிடிச் சுவர்கள், குழாய் வாய் ஆகியவை இருந்தபடியே. முதல் ஜன்னலின் கீழ், முதல் இரண்டு வரிசையில், கிழக்கிலிருந்து 5ஆம் ஓட்டிலும் 7ஆம் ஓட்டிலும் தொடங்கி 12 அங்குல மண் தொட்டியில் குண்டுமல்லி ஒவ்வொன்று, தொட்டியோடு சேர்த்து இரண்டரை அடிக்கு மேல் வளராமல். வடக்குக் கைப்பிடிச் சுவரை ஒட்டிய 18ஆம் வரிசை நீர் ஓட வெறுமையாக. 16, 17ஆம் வரிசைகளில் 12 அங்குலத் தொட்டிகள் எட்டு, ஒவ்வொன்றும் இரண்டு செங்கல் மீது. வடமேற்கு மூலையில் நான்குக்கு நான்கு ஓடு இடத்தில் எதுவும் கூடாது.” செடியின் பெயர் வரும் எந்த வரியையும் அதன் இடம், தொட்டியின் அளவு, உயரத்தின் எல்லை என்ற மூன்றும் சேராமல் விவரிப்பில் விடவில்லை.

மண் தொட்டிகளைக் கொசப்பேட்டையில் வாங்கினோம். செம்மண், மட்கிய தொழு உரம், தென்னை நார்க் கழிவு மூன்றையும் சம அளவில் கலந்தோம். நார்க் கழிவை நல்ல நீரில் அலசிப் பிழிந்த பிறகே சேர்த்தோம், ஏனெனில் அதிலும் உப்பு இருக்கும். இந்தப் பகுதியின் ஆழ்துளைக் கிணற்று நீரும் உப்புதான். தொட்டியின் வெளிப்புறம் வெள்ளை பூத்துவிட்டால் உள்ளே உப்பு சேர்ந்துவிட்டது என்று அறியலாம். அப்போது மெட்ரோ தண்ணீரையோ பிடித்து வைத்த மழைநீரையோ அடித்துளை வழியே தாராளமாக வடியும்வரை ஊற்றி உப்பைக் கழுவி வெளியேற்றவேண்டும். தொட்டிகளைச் செங்கல் மீது வைத்தது இதற்கும் பயன்படுகிறது.

செடிகள் வேர் பிடித்தபின், கைப்பிடிச் சுவரில் குறித்து வைத்த அதே இடத்தில் பெட்டியை வைத்து மறுபடி படம் எடுத்து, அதே அளவில் அச்சிட்டு, டிரேசிங் தாளை அதன் மேல் வைத்தேன். மைக்கோடுகள் யாவும் சுவர்களின் மீது பொருந்தின. பென்சில் கோடுகளில் மேற்கு ஜன்னலின் மல்லிகைத் தொட்டி ஒன்று ஓர் ஓடு விலகியிருந்தது. பெருக்கும்போது நகர்த்தியிருக்கிறார்கள். அதன் இலைகள் ஜன்னல் கதவின் கீழ்முனையைத் தொட்டுக்கொண்டிருந்ததால், மறுபடி 20ஆம் ஓட்டுக்குத் தள்ளினோம்.

இந்தத் தாள் இப்போது அறையின் உள்ளே கதவுக்குப் பின்னால் ஒட்டப்பட்டிருக்கிறது. 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் கரை கடந்தது போன்ற நாட்களில், காகிதப்பூத் தொட்டிகளையும் வடக்கு வரிசையையும் சுவரடிக்கு இறக்கிச் சாய்த்துக் கிடத்தவேண்டும். அப்போது அவை எங்கே போகலாம் என்பதையும் தாளின் கீழே எழுதியிருக்கிறேன்: 1, 2ஆம் ஓடுகளும் 24ஆம் ஓடும் மட்டும், ஜன்னல்களின் கீழும் கதவின் முன்னும் கூடாது. மூன்று ஓட்டு இடத்தில் எல்லாம் அடங்காது என்பதால், மீதித் தொட்டிகளை அறைக்குள் எடுத்துச் செல்வது என்று அக்கா தன் கையெழுத்தில் சேர்த்திருக்கிறார்.